ஷட்ஜமும் பஞ்சமமும் ஏன் ஒட்டுகின்றன, ஷட்ஜமும் சுத்த ரிஷபமும் ஏன் உரசுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு எளிதாக இருப்பதற்காக இந்தப் பக்கம் முழுவதிலும் ஷட்ஜத்தை நொடிக்கு 240 அதிர்வுகள், அதாவது 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சுருதி வேறாக இருந்தாலும் இங்கே சொல்லப்படும் விகிதங்கள் மாறமாட்டா. விம்மல்களின் வேகம் மட்டும் சுருதிக்கேற்பச் சற்றுக் கூடும் அல்லது குறையும்.

ஸவும் பவும் சேர்ந்து ஒலித்தால் ஒரே குரல்போல் இருக்கிறது. ஸவையும் சுத்த ரிஷபத்தையும் சேர்த்து அழுத்தினால் காதைக் குத்துகிறது. ஏன்?

ஒவ்வொரு ஸ்வரமும் தன்னோடு பல மேல் ஸ்வரங்களைக் கொண்டுவருகிறது. ஷட்ஜத்தின் மேல் ஸ்வரங்களில் சிலவும் பஞ்சமத்தின் மேல் ஸ்வரங்களில் சிலவும் சரியாக ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. மற்றவை ஒன்றுக்கொன்று தொல்லை தராத தொலைவில் நிற்கின்றன. ஷட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் எடுத்துக்கொண்டால், அவற்றின் மேல் ஸ்வரங்கள் தொடக்கத்திலிருந்தே ஒன்றுக்கொன்று மிக அருகில், ஆனால் ஒன்று சேராமல் நிற்கின்றன. அப்படி நெருங்கி நிற்கும் இரண்டு ஒலிகளைக் காது தனித்தனியாகப் பிரிக்கவும் முடியாமல், ஒன்றாக ஏற்கவும் முடியாமல் ஒரு நடுக்கமாக உணர்கிறது. காது குத்துவதாக நீங்கள் சொல்வது அந்த நடுக்கத்தைத்தான்.

பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள விகிதம் 3:2. சுத்த ரிஷபத்துக்கு 16:15. விகிதத்தில் உள்ள எண்கள் சிறியவையாக இருந்தால் மேல் ஸ்வரங்கள் விரைவில் சந்திக்கின்றன என்பதே இந்த எண்களுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு. அது எப்படி நிகழ்கிறது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

இரண்டு ஸ்வரங்களின் இடைவெளியை ஏன் வகுத்துச் சொல்கிறீர்கள்? கழித்தால் போதாதா?

ஷட்ஜம் 240 என்றால் அதன் பஞ்சமம் 360, வித்தியாசம் 120. அதே பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போய் 480 என்ற ஷட்ஜத்திலிருந்து 120 மட்டும் ஏறினால் அவர் நிற்கும் இடம் 600. அது பஞ்சமம் ஆகாது. அந்தர காந்தாரம் ஆகிவிடும். மேல் ஸ்தாயிப் பஞ்சமம் 720இல் இருக்கிறது. ஆகவே நாம் ஓர் இடைவெளியை "இது பஞ்சமம்" என்று அடையாளம் காணும்போது காது கழித்தலின் விடையைப் பார்ப்பதில்லை. 360ஐ 240ஆல் வகுத்தாலும், 720ஐ 480ஆல் வகுத்தாலும் வரும் ஒன்றரையைத்தான் அது பார்க்கிறது.

வீணைத் தந்தியில் இதைக் கையால் அளந்து பார்க்கலாம். அதிரும் நீளம் 84 செ.மீ. உள்ள தந்தியில் சரிபாதியான 42 செ.மீ. மட்டும் அதிர்ந்தால் மேல் ஷட்ஜம் கேட்கும். மூன்றில் இரண்டு பங்கான 56 செ.மீ. அதிர்ந்தால் பஞ்சமம், நான்கில் மூன்று பங்கான 63 செ.மீ. அதிர்ந்தால் சுத்த மத்யமம். (மெட்டின்மேல் தந்தியை அழுத்தும்போது முறுக்கம் சிறிது கூடுவதால், நடைமுறையில் மெட்டுகள் இந்த அளவுகளிலிருந்து மிகச் சிறிதளவு விலகியே மெழுகில் பதிக்கப்படுகின்றன.)

பித்தாகரஸ் கொல்லன் பட்டறையில் வெவ்வேறு எடையுள்ள சுத்தியல்களின் ஓசையைக் கேட்டு இந்த விகிதங்களைக் கண்டார் என்ற கதை பல பாடநூல்களில் வருகிறது. அது நடந்திருக்க முடியாது: சுத்தியலின் எடைக்கும் அது எழுப்பும் ஸ்வரத்துக்கும் அப்படிப்பட்ட நேர் உறவு இல்லை. அதே கதையின் இன்னொரு வடிவத்தில் தந்திகளில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள், அதுவும் பொருந்தாது. ஒரே நீளமுள்ள தந்தியில் மேல் ஷட்ஜம் கிடைக்க இரண்டு மடங்கு எடை போதாது, நான்கு மடங்கு வேண்டும். பஞ்சமத்துக்கு 9:4 என்ற அளவில் எடை வேண்டும். இதைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சோதித்துச் சொன்னவர் வானியலாளர் கலிலியோவின் தந்தையான வின்சென்சோ கலிலி. அவர் வீணைக்கு உறவான லூட் என்னும் கருவியை வாசித்த இசைக்கலைஞர்.

ஒரு தந்தியை மீட்டினால் ஒரு ஸ்வரம்தானே கேட்கிறது? மேல் ஸ்வரங்கள் எங்கிருந்து வருகின்றன?

தந்தி முழு நீளத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்கு பங்குகளாகவும் ஆடுகிறது. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. 240இல் ஒலிக்கும் தந்தி 480, 720, 960, 1200 என்று அதன் முழு மடங்குகளையும் மெலிதாக ஒலிக்கிறது. இயற்பியல் பாடநூல்கள் இவற்றைச் சீரிசைகள் என்று அழைக்கின்றன. இனி நானும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன். மனிதக் குரல், நாகஸ்வரம், புல்லாங்குழல், வயலின் ஆகியவற்றிலும் நீடித்து நிற்கும் ஒரு ஸ்வரம் இவ்வாறே முழு மடங்குகளால் ஆனது. எந்த மடங்கு எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதில்தான் ஒரு கருவி இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது.

இதை நேரடியாகக் கேட்கச் சிறந்த கருவி தம்புரா. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மட்டும் மீட்டிவிட்டு அமைதியாகக் கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் உள்ளிருந்து எழுவதைக் கேட்கலாம். அது அந்தத் தந்தியின் ஐந்தாம் சீரிசை. மந்தர ஷட்ஜம் 120 என்றால் ஐந்தாம் மடங்கு 600. அது 480 என்ற மேல் ஷட்ஜத்துக்கு 5:4 விகிதத்தில் நிற்கிறது. குதிரையின் வளைந்த மேற்பரப்பிலும் அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூலிலும் தந்தி ஒவ்வோர் ஆட்டத்திலும் உரசித் தவழ்வதால் உயர்ந்த சீரிசைகள் வலுப்பெறுகின்றன. சாதாரணத் தந்தியில், மீட்டும் இடத்தில் அசையாப் புள்ளி வரும் சீரிசை எழக்கூடாது. தம்புராவிலும் வீணையிலும் அப்படிப்பட்ட சீரிசைகளும் உரக்கக் கேட்பதை 1921இல் சி. வி. ராமன் எழுதிக் காட்டினார். ஜீவாளியை எடுத்துவிட்டு ஒருமுறை மீட்டிப் பாருங்கள். தந்தியின் ஸ்வரம் அதேதான், ஆனால் அந்தக் காந்தாரம் அடங்கிவிடும்.

சீரிசைகள் அருகருகே நின்றால் ஏன் உரசல் உண்டாகிறது?

240இல் ஒரு தந்தியும் 241இல் ஒரு தந்தியும் சேர்ந்து ஒலித்தால், நொடிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே திசையில் தள்ளி ஒலியைப் பெருக்குகின்றன. நொடிக்கு ஒருமுறை எதிர்த்திசையில் தள்ளி அதைத் தேய்க்கின்றன. காதுக்கு ஒலி மெல்ல ஏறி இறங்குவதுபோல் கேட்கும். இதற்கு விம்மல் என்று பெயர். விம்மலின் வேகம் இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்துக்குச் சமம். இங்கே கழித்தல் வந்துவிட்டதைக் கவனியுங்கள்: இடைவெளியை அடையாளம் காண வகுத்தல், உரசலை அளக்கக் கழித்தல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இந்தப் பொருள் கடைசிவரை தெளிவாவதில்லை.

நொடிக்கு ஒன்று, இரண்டு என்று வரும் விம்மல் இனிமையாகவே இருக்கும். ஐந்து, ஆறு ஆகும்போது ஒலி நடுங்கும். பதினைந்தைத் தாண்டினால் ஏற்ற இறக்கத்தைத் தனித்தனியாக எண்ண முடியாது, ஒலி சொரசொரப்பாகிவிடும். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொரசொரப்பையே இசையாமையின் காரணமாக விளக்கினார். நொடிக்கு ஏறத்தாழ 33 விம்மல்கள் என்ற அளவில் அது மிகக் கடுமையாக இருப்பதாகவும் கணித்தார். வித்தியாசம் இன்னும் பெரிதானால் உரசல் மெல்ல மெல்லத் தணிந்து, இரண்டு ஒலிகளும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கத் தொடங்கும்.

அது தணிவதற்குக் காரணம் உட்காதில் இருக்கிறது. நத்தை வடிவிலான அந்த உறுப்பின் உள்சவ்வில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஓர் இடத்தை அசைக்கிறது. அருகருகான அதிர்வெண்கள் அசைக்கும் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன; படிந்தால் அங்கே விம்மல் எழுகிறது. நடுத்தர ஸ்தாயியில் இரண்டு ஒலிகளுக்கு இடையே ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் விலகல் இருந்தால் அந்தப் பகுதிகள் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன. மேலே போகப் போக அந்த எல்லையும் அகலும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஷட்ஜத்தின் சீரிசைகள் 240, 480, 720, 960, 1200, 1440 என்று செல்கின்றன. இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரத்தின் வரிசையையும் இதன் அருகில் வைத்துப் பார்ப்பதுதான் முழு வேலையும்.

மேல் ஷட்ஜம் 480. அதன் சீரிசைகள் 480, 960, 1440. இவை ஒன்றுவிடாமல் கீழ் ஷட்ஜத்தின் வரிசையில் ஏற்கனவே உள்ளன. புதிதாக எதுவும் வராததால் உரசுவதற்கு எதுவுமே இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே கீர்த்தனையை ஒரு ஸ்தாயி விலகிப் பாடும்போது நாம் அதை "ஒரே ஸ்வரம்" என்றே சொல்வதற்கு இதுவே அடிப்படை.

பஞ்சமம் 360. அதன் வரிசை 360, 720, 1080, 1440. 720உம் 1440உம் ஷட்ஜத்தின் வரிசையோடு ஒன்றுகின்றன. 360, 240க்கும் 480க்கும் நட்ட நடுவில் 120 தள்ளி நிற்கிறது. 1080உம் அப்படியே 960க்கும் 1200க்கும் நடுவில் நிற்கிறது. மோதல் இல்லாத ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

சுத்த மத்யமத்துக்கு 4:3, அதாவது 320. அதன் வரிசை 320, 640, 960, 1280. 960இல் சந்திப்பு கிடைக்கிறது. ஆனால் 640, 720இலிருந்து 80 தள்ளி நிற்கிறது, 1280உம் 1200இலிருந்து அதே 80. மெல்லிய உரசல் உண்டு. பஞ்சமம் அளவுக்கு மத்யமம் ஓய்ந்து நிற்காததுபோல் தோன்றுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

அந்தர காந்தாரம் 5:4, அதாவது 300. வரிசை 300, 600, 900, 1200. சந்திப்பு 1200இல்தான் வருகிறது; 900உம் 960உம் 60 வித்தியாசத்தில் நிற்கின்றன. இனிமை இருக்கிறது, ஆனால் பஞ்சமத்தின் அமைதி இல்லை. தனிப்பட்ட முறையில் எனக்கு இந்தச் சிறு அசைவு இருப்பதால்தான் காந்தாரம் பஞ்சமத்தைவிட உயிருள்ளதாகப் படுகிறது.

இப்போது சுத்த ரிஷபம், 256. அதன் வரிசை 256, 512, 768, 1024. ஷட்ஜத்தின் வரிசையோடு ஒப்பிட்டால் வித்தியாசங்கள் முறையே 16, 32, 48, 64. நான்கு ஜோடிகளும் உரசும் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. இரண்டாவது ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன 33க்கு மிக அருகில் நிற்கிறது. சந்திப்பு எங்கே என்று தேடினால் ஷட்ஜத்தின் 16ஆம் மடங்கும் ரிஷபத்தின் 15ஆம் மடங்கும் சேரும் 3840இல்தான் கிடைக்கும். அவ்வளவு உயரத்தில் சீரிசைகள் மிகவும் மெலிந்திருப்பதால் அந்தச் சந்திப்பால் காதுக்குப் பயன் எதுவும் இல்லை. விகிதத்தில் சிறிய எண்கள் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது: 3:2 என்றால் மூன்றாம் மடங்கிலேயே சந்திப்பு, 16:15 என்றால் பதினாறாம் மடங்கு வரை காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் 3:2 என்ற எண்ணிலேயே ஏதோ இனிமை இருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. சீரிசைகளே இல்லாத தனி ஒலியை எடுத்துக்கொண்டால் இது உடனே புலப்படும். கைப்பேசியில் ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றில் சைன் அலையைத் தேர்ந்தால் அப்படிப்பட்ட ஒலி கிடைக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த பிளாம்ப், லெவெல்ட் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய தனி ஒலிகளை ஜோடி ஜோடியாகக் கேட்பவர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு ஒலிகளும் ஒன்றிலிருந்து விலக விலக இசையாமை விரைவாக ஏறி, பின் மெல்ல இறங்கி, அதன்பின் சமமாகவே நின்றது. 3:2 வந்த இடத்திலோ 5:4 வந்த இடத்திலோ தனி இனிமை எதுவும் தென்படவில்லை. சீரிசைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் அந்த இடங்களில் பள்ளங்கள் தோன்றின.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு கைப்பேசிகளில் சைன் அலையாக ஒன்றில் 240, மற்றொன்றில் 360 வைத்துக் கேளுங்கள். பிறகு 360ஐ 350ஆகவும் 370ஆகவும் மாற்றிக் கேளுங்கள். ஒலி அளவு குறைவாக இருக்க வேண்டும். உரக்க வைத்தால் சிறிய ஒலிபெருக்கியே தன் குறையால் சீரிசைகளை உண்டாக்கிவிடும். பெரிய வேறுபாடு தெரியாது. அதே எண்களை மரம் அறுப்பதுபோல் ஒலிக்கும் ரம்பப்பல் அலையில் வைத்தால், 360இல் கிடைத்த தெளிவு 350இல் கலைந்து நடுங்குவது உடனே கேட்கும்.

இன்னொரு பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். ஜாவா, பாலித் தீவுகளின் கமலான் குழுவில் வெண்கலப் பட்டைகளும் தொங்கு மணிகளும் முதன்மையானவை. உலோகப் பட்டையின் மேல் ஸ்வரங்கள் அடி ஸ்வரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. ஆகவே அந்தக் கருவிகளுக்கு 3:2 என்ற இடத்தில் சந்திப்பு கிடைக்க வேண்டிய கட்டாயமில்லை. அவர்களுடைய சுருதி அமைப்புகளும் நம் விகிதங்களிலிருந்து வெகுவாக விலகி நிற்கின்றன.

கீபோர்டில் அந்தர காந்தாரம் ஏன் சற்றுக் கூர்மையாகக் கேட்கிறது? என் கீபோர்டு பழுதா?

பழுதில்லை. கீபோர்டில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்காகிறது. ஏழு படி ஏறினால் 359.6, உண்மையான பஞ்சமத்துக்கு மிக அருகில். நான்கு படி ஏறினால் 302.4; உண்மையான காந்தாரமான 300ஐவிட 2.4 கூடுதல்.

2.4 என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் சந்திப்பு நிகழும் இடத்தில் அது பெருகிவிடுகிறது. ஷட்ஜத்தின் ஐந்தாம் சீரிசை 1200. கீபோர்டு காந்தாரத்தின் நான்காம் சீரிசை 1209.5. ஒன்றாக வேண்டிய இரண்டும் நொடிக்கு ஒன்பதரை விம்மல்களோடு நடுங்குகின்றன. நீங்கள் கேட்கும் கூர்மை அதுதான். பஞ்சமத்தில் இதே கணக்கைப் போட்டால் 720க்கும் 719.2க்கும் இடையே நொடிக்கு ஒரு விம்மல்கூட வராது; அதனால்தான் கீபோர்டின் பஞ்சமம் யாருக்கும் உறுத்துவதில்லை.

இந்தச் சமப் படிகளை ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால், தூய பஞ்சமங்களாலும் தூய காந்தாரம் கிடைப்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் பழைய இசைமரபில் ஒரு நரம்புக்கும் அதன் ஐந்தாம் நரம்புக்கும் உள்ள உறவைக் கிளை என்றார்கள். குரலிலிருந்து கிளை வழியே நடந்தால் குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்ற வரிசை வருகிறது; இன்றைய பெயர்களில் ச, ப, ரி, த, க. 240இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒன்றரையால் பெருக்கி, மேல் ஸ்தாயிக்குப் போனால் பாதியாக்கி இறக்கிவிடுங்கள்: 240, 360, 270, 405, கடைசியில் 303.75. இது 300 ஆகவில்லை. நான்கு தூய பஞ்சமங்கள் ஏறி வந்த காந்தாரம், தூய காந்தாரத்தைவிட 81:80 என்ற அளவு மேலே நிற்கிறது. அதன் நான்காம் சீரிசை 1215; ஷட்ஜத்தின் 1200ஓடு நொடிக்குப் பதினைந்து விம்மல்கள். ஐரோப்பாவில் பஞ்சமங்களை அடிப்படையாக வைத்துச் சுருதி சேர்த்த இடைக்காலத்தில் காந்தார இடைவெளியை முழு இணக்கமாகக் கருதத் தயங்கியதற்கு இந்தப் பதினைந்தும் ஒரு காரணம்.

நிலையான கட்டைகள் உள்ள கருவியில் எல்லா ஸ்வரங்களும் எல்லாவற்றோடும் தூய விகிதத்தில் நிற்க வழியே இல்லை. சமப் படிகள் அந்தக் குறையை எல்லா இடங்களுக்கும் பகிர்ந்துவிடுகின்றன; எந்தக் கட்டையையும் ஷட்ஜமாக வைத்து வாசிக்கலாம் என்ற வசதி பதிலுக்குக் கிடைக்கிறது. தம்புராவோடு பாடும் குரலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கீபோர்டை மட்டும் வைத்துக் காந்தாரம் பழகும் மாணவர்களைத் தம்புராவின் முன் உட்கார வைத்து மறுபடி பாடச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

நம் இசையில் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பதே இல்லையே? இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு?

தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும் வரை நாம் பாடும் ஒவ்வொரு ஸ்வரமும் ஷட்ஜத்தோடும் பஞ்சமத்தோடும் சேர்ந்தே ஒலிக்கிறது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத் தொடங்கும் குழந்தை ஷட்ஜத்துக்கு அடுத்ததாகப் பாடுவதே மேலே நாம் கணக்கிட்ட 16:15. அந்த ரிஷபத்தில் அசையாமல் நின்றால் தம்புராவோடு உரசல் கேட்கும்; ஷட்ஜத்துக்கு இறங்கியவுடன் அது விலகும். அந்த விலகலைத்தான் கேட்பவர் ஓய்வாக உணர்கிறார். பல ராகங்களில் சுத்த ரிஷபத்தை நீட்டி நிறுத்தாமல் கமகத்தோடு தொட்டுப் போவதை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

பஞ்சமம் வராத ராகங்களைப் பாடும்போது தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிக்கொள்வோரும் உண்டு. ராகத்தில் இல்லாத ஸ்வரத்தோடு பாடும் ஸ்வரங்கள் ஓயாமல் மோத வேண்டாம் என்பதே அதன் நோக்கம்.

சிலப்பதிகார உரைகள் நரம்புகளுக்கு இடையிலான உறவுகளை இணை, கிளை, பகை, நட்பு என்று பெயரிட்டுப் பிரித்தன. இணக்கத்தையும் முரணையும் உறவுமுறைச் சொற்களால் குறித்த அந்தப் பெயர்கள், யாழின் தந்திகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பதைக் கூர்ந்து கேட்டவர்களிடமிருந்தே வந்திருக்க முடியும்.

ஒரே காந்தாரம் மேல் ஸ்தாயியில் இனிக்கிறது, மிகக் கீழே வாசித்தால் கரகரக்கிறது. விகிதம் மாறவில்லையே?

விகிதம் மாறாது, வித்தியாசம் மாறுகிறது. 240–300 ஜோடியில் அடி ஸ்வரங்களின் வித்தியாசம் 60. அதையே இரண்டு ஸ்தாயி இறக்கி 60–75 ஆக்கினால் வித்தியாசம் 15. அடி ஸ்வரங்கள் இரண்டும் உரசும் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. 120–150, 225–240 ஆகிய சீரிசை ஜோடிகளும் நெருங்கிவிடுகின்றன. பியானோவுக்கு எழுதுவோர் இடக்கைக்குக் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் ஸ்தாயி இடைவெளியையும் பஞ்சமத்தையும் கொடுத்து, காந்தாரத்தை மேலே வைப்பதற்கு இதுவே காரணம்.

இந்த இணக்கம் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா?

இதில் முடிந்த முடிவு இன்னும் இல்லை. 2016இல் ஜோஷ் மெக்டெர்மாட் குழுவினர், பொலிவியாவின் மழைக்காட்டில் மேற்கத்திய இசையை அதிகம் கேளாமல் வாழும் சிமானே மக்களிடம் சோதனை செய்தார்கள். அவர்கள் இணக்கமான ஜோடிகளையும் இணங்காதவற்றையும் ஒரே அளவு இனிமையானவையாக மதிப்பிட்டார்கள். ஆனால் சொரசொரப்பான ஒலியை அவர்களும் விரும்பவில்லை. ஆகவே உரசலை உணர்வது காதின் இயல்பு என்றும், இரண்டு ஸ்வரங்களின் இணக்கத்தை இனிமையாகக் கொள்வதில் பழக்கத்துக்குப் பங்கு உண்டு என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

விம்மல் மட்டுமே முழு விளக்கம் ஆகாது என்பதற்கும் சான்று உண்டு. அதே ஆய்வாளர் 2010இல் மற்றவர்களோடு சேர்ந்து அமெரிக்க மாணவர்களிடம் செய்த ஆய்வில், இணக்கத்தை விரும்பியவர்களின் விருப்பம், விம்மல் இல்லாமையைவிட, கேட்கும் சீரிசைகள் அனைத்தும் ஒரே அடி ஸ்வரத்தின் மடங்குகளாகப் பொருந்துவதோடு அதிகம் ஒத்துப்போனது. 240உம் 360உம் 120இன் மடங்குகள். ஆகவே இரண்டும் சேர்ந்து மந்தர ஷட்ஜத்தின் பிள்ளைகள்போல் கேட்கின்றன. 240க்கும் 256க்கும் பொதுவான அடி 16. அது மனிதக் காது ஒரு ஸ்வரமாகக் கேட்கும் எல்லைக்கே கீழே இருக்கிறது. சிறிய எண் விகிதங்கள் இந்த விளக்கத்திலும் முன்னே வருகின்றன, வேறு வழியாக.

தம்புராவின் பஞ்சமம் சரியாகச் சேர்ந்துவிட்டது என்று காதால் எப்படி உறுதி செய்வது?

முதலில் சாரணி, அனுசாரணி இரண்டையும் ஒன்றாக்கி, மந்தரத்தையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பஞ்சமத் தந்தியையும் மந்தரத் தந்தியையும் மட்டும் அடுத்தடுத்து மீட்டி, இரண்டும் ஒலிக்கும் வேளையில் அடி ஸ்வரங்களைக் கவனிக்காமல் அவற்றுக்கு மேலே கேட்கும் பஞ்சமத்தில் காதை நிறுத்துங்கள். சாரணி 240 என்றால் மந்தரம் 120, பஞ்சமத் தந்தி 180. பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசையும் மந்தரத்தின் மூன்றாம் சீரிசையும் 360இல் சேர வேண்டும். பஞ்சமத் தந்தி 179இல் நின்றால் 358உம் 360உம் மோதி நொடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும்.

பிருடையைத் தொட்டபின் விம்மல் வேகமாகிறதா மெதுவாகிறதா என்று பாருங்கள். மெதுவானால் சரியான திசையில் போகிறீர்கள். கிட்டத்தட்ட நின்றபின் பிருடையை விட்டுவிட்டு, தந்தியில் கோத்த மணியைச் சிறிது நகர்த்தி மிச்சத்தைச் சரிசெய்யுங்கள். விம்மல் நின்ற பின்பும் ஒலி கலங்கலாக இருந்தால் பெரும்பாலும் கோளாறு ஜீவாளி நூல் இருக்கும் இடத்தில் இருக்கும், சுருதியில் இருக்காது. நூலை இம்மியளவு முன்னும் பின்னும் இழுத்து, சீரிசைகள் விரிந்து ஒலிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பஞ்சமத்தை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். நூலை நகர்த்தும்போது தந்தியின் சுருதியும் சிறிது நகர்ந்திருக்கும்.